வளவு வீடுகளுக்கு ஒரு பழுதுப் பதிவேடு: முடிந்த தேதியை எப்போது எழுதுவது?

"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் அப்பா பெயரில் ஒரு வளவு இருக்கிறது. கீழே ஆறு வீடு, மாடியில் இரண்டு, எல்லாமே வாடகைக்கு விட்டது. அப்பாவால் இப்போது அலைய முடியவில்லை, நான் சென்னையில் இருக்கிறேன். குழாய் ஒழுகுது, ஃபேன் ஓடல என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. யாரை அனுப்பினோம், எவ்வளவு கொடுத்தோம், வேலை முடிந்ததா இல்லையா, எதுவும் நினைவில் நிற்பதில்லை. அவசரம், ஆள், செலவு, முடிந்த தேதி இவ்வளவும் வருகிற மாதிரி எளிமையாக ஒரு பதிவேடு எப்படி வைப்பது?"

எட்டு வீட்டுக்கு ஆப் எதுவும் வேண்டாம், தம்பி. ஒரு கூகுள் ஷீட்டில் பத்துக் கட்டம் போதும். அப்பா நோட்டில் எழுதித்தான் பழக்கம் என்றால் அவர் ஒரு லாங் சைஸ் நோட்டில் அதே பத்துக் கட்டத்தை வரைந்து எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நீங்கள் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

கட்டங்கள் இடமிருந்து இப்படி வரட்டும்:

```
A எண்
B சொன்ன தேதி
C வீடு
D என்ன பழுது
E அவசரம்
F ஆள்
G செலவு
H யார் செலவு
I முடிந்த தேதி
J குறிப்பு
```

ஒரு புகாருக்கு ஒரு வரி. ஒரே போனில் மூன்று பழுது சொன்னால் மூன்று வரி. வரி எழுதியதும் எண்ணைச் சொன்னவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்: "உங்க குழாய் விஷயம் 34-ஆம் எண்ணில் எழுதியாச்சு." அதற்கப்புறம் அவரும் "34 என்னாச்சு" என்றுதான் கேட்பார், எந்தக் குழாய், எப்போது சொன்னது என்ற பேச்சே வராது. ஷீட்டைக் குடியிருப்பவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். அவர்கள் வழக்கம்போல் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லட்டும், எழுதுவது நீங்களும் அப்பாவும் மட்டும்தான். ஒரு வீட்டுக்கு எவ்வளவு செலவானது என்பது அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால் வளவில் அது வேறு கதையாகிவிடும்.

D கட்டத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். அங்கே குடியிருப்பவர் சொன்னதை மட்டும் எழுத வேண்டும், இடமும் நேரமும் சேர்த்து. "பாத்ரூம் கூரையில், கதவுக்கு மேலே, காலையில் சொட்டுது" என்பது சரி. "பைப் லீக்" என்று எழுதினால் அது பழுதல்ல, உங்கள் ஊகம். அந்த வரியைக் கேட்டுவிட்டு வரும் பிளம்பர் ஏதாவது ஒரு பைப்பைச் சரிசெய்துவிட்டுத்தான் போவார். காரணம் என்ன என்று கண்டுபிடித்த பிறகு அதை J-யில் எழுதுங்கள்.

அவசரத்துக்கு மூன்று நிலை போதும். ஐந்து நிலை வைத்தால் மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். 1 என்றால் இன்றே ஆள் போக வேண்டும்: ஷாக் அடிப்பது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராமல் போவது, கக்கூஸ் அடைத்து மேலே வருவது, வாசல் கதவு பூட்டாமல் போவது, கூரைக் காரை பெயர்ந்து விழுவது. 2 என்றால் ஒரு வாரத்துக்குள்: வாழலாம், ஆனால் விட்டால் பெரிதாகும். 3 என்றால் அடுத்த முறை அந்த வேலைக்காரர் வளவுக்கு வரும்போது சேர்த்துச் செய்வது. சொன்னவர் எவ்வளவு கோபமாகச் சொன்னார் என்பதை வைத்து எண் போடாதீர்கள். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டால் "லேசா சுரீர்ங்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆச்சியின் புகார் 1. கதவுக் கைப்பிடி ஆடுகிறது என்று மூன்று தடவை போன் செய்து கத்துபவருடையது 3.

ஒரே பழுதுக்கு மாதத்தைப் பொறுத்து எண் மாறும். மொட்டை மாடித் தட்டோட்டில் விரிசல் என்பது சித்திரையில் 3. ஆவணி பிறந்துவிட்டால் அதை 2 ஆக்கிவிடுங்கள், ஏனென்றால் ஐப்பசி அடைமழையில் எந்தக் கொத்தனாராலும் மாடியில் வேலை செய்ய முடியாது, காய்ந்த தளம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த மாதிரி வெள்ளம் வந்துவிட்டால் இந்த எண் கணக்கெல்லாம் உதவாது. தண்ணீர் ஏறிய வீட்டுக்கு முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: மெயினை இறக்கி, எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை ஏற்றக்கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்.

இனி முக்கியமான கட்டம், I. பத்துக் கட்டத்தில் எனக்கு ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் முடிந்த தேதியைத்தான் வைத்துக்கொள்வேன், அதுவும் சரியாக எழுதினால் மட்டும். வேலைக்காரர் "முடிச்சாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிக் கூலி வாங்கிய நாளை அங்கே எழுதக்கூடாது. அது J-யில் ஒரு குறிப்பு. பழுது எந்தச் சூழ்நிலையில் தெரிந்ததோ அதே சூழ்நிலை திரும்ப வந்து, பழுது தெரியவில்லை என்று குடியிருப்பவர் சொன்ன நாள்தான் முடிந்த நாள். குளித்தால் சொட்டுகிறது என்றால் நாலு பேர் குளித்த பிறகு. மழை பெய்தால் ஒழுகுகிறது என்றால் அடுத்த மழைக்குப் பிறகு. மோட்டார் சூடாகி நின்றுபோகிறது என்றால் தொட்டி ஒருமுறை முழுதாக நிறைந்த பிறகு. அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும், பணம் கொடுத்துவிட்டாலும் பரவாயில்லை.

முடித்து எழுதிய பிறகு அதே பழுது திரும்பி வந்தால் பழைய வரியைத் திறக்க வேண்டாம். புதிய வரி போட்டு, J-யில் "14-ன் தொடர்ச்சி" என்று பழைய எண்ணை எழுதுங்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். என்ன பயன் என்று பார்க்க, நான் பார்த்துக்கொள்ளும் ஒரு வளவில் நடந்ததைச் சொல்கிறேன். பதிவேட்டில் அது, H கட்டம் நீங்கலாக, இப்படி இருந்தது:

```
14 | 09-07 | வீடு 2 | பாத்ரூம் கூரை சொட்டுது | 2 | பிளம்பர் | 900  | முடிந்தது 12-07
22 | 20-08 | வீடு 2 | அதே இடம், சொட்டுது     | 2 | பிளம்பர் | 650  | முடிந்தது 22-08 | 14-ன் தொடர்ச்சி
31 | 06-10 | வீடு 2 | அதே இடம், காரை ஊறியது | 2 |         |      |                | 22-ன் தொடர்ச்சி
```

ஜூலையில் வந்த பிளம்பர் மேல் வீட்டுப் பாத்ரூமில் டைல்ஸ் இணைப்புகளில் வெள்ளை சிமென்ட் பூசினார். ஆகஸ்டில் அதே ஆள் வந்து சுவருக்குள் போகும் தண்ணீர்ப் பைப்பின் எல்போவை மாற்றினார். இரண்டு முறையும் தேதி எழுதி மூடியது அந்த வளவு வீட்டுக்காரர், பிளம்பர் சொன்னதைக் கேட்டு. அக்டோபரில் மூன்றாவது வரி வந்தபோது பார்க்க வந்த கொத்தனார், "இது மழை ஓதம், தை மாசம் பாத்துக்கலாம்" என்றார். மழைக்காலம் வேறு, கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 14-ஆம் வரி ஜூலை மாதத்தது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அந்தப் பருவத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் வெறும் காற்றுதான் அடிக்கும், கூரை ஊறுகிற மழை எங்கே பெய்கிறது? பழைய எண் எழுதியிருந்ததால் மழைப் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது.

அடுத்ததாக, எப்போது சொட்டுகிறது என்பதை ஒரு வாரம் குறித்துவைக்கச் சொன்னோம். கீழ் வீட்டு அக்கா அடுப்படிக் காலண்டரிலேயே எழுதிவைத்தார்: காலை ஏழரைக்குத் தொடங்கி, பத்து மணிக்கு மேல் குறைந்து, மதியம் நின்றுவிடுகிறது. மேல் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போன இரண்டு நாளும் சொட்டே இல்லை. இதில் பாதி விடை கிடைத்துவிட்டது. தண்ணீர் வரும் பைப் ஒழுகினால், தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரை, யார் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகலும் இரவும் சொட்டும். குளிக்கிற நேரத்தில் மட்டும் சொட்டுகிறது என்றால் பெரும்பாலும் கழிவு போகிற பக்கத்திலோ தரையிலோதான் கோளாறு. ஆக, ஆகஸ்டில் மாற்றிய எல்போவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மீதிப் பாதி தரையா, தரைத் தண்ணீர் கழிவுக் குழாய்க்குள் இறங்கும் நஹானி டிராப்பா என்பது. அதற்கு ஒரு சோதனை உண்டு, எந்தப் பிளம்பரும் செய்யலாம், கேட்டால்தான் செய்வார். டிராப்பின் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, பாத்ரூம் தரையில் இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்தி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் கலக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை நிறுத்தியும் கீழே ஈரம் ஏறவில்லை. அப்படியானால் தரை நன்றாக இருக்கிறது. அடைப்பை எடுத்துத் தண்ணீரை இறங்கவிட்டதும் கொஞ்ச நேரத்தில் கீழ்க் கூரையில் நீலமாகச் சொட்டியது. டிராப்பும் கழிவுக் குழாயும் சேரும் இடம் விட்டுப்போயிருந்தது. வெள்ளை சிமென்டை எத்தனை தடவை மேலே பூசினாலும் அது நிற்காது.

டிராப்பைச் சுற்றித் தரையைக் கொத்தி எடுத்து, புது டிராப் வைத்து, சுற்றிலும் நீர்க்கசிவு தடுக்கும் கலவை பூசி, டைல்ஸ் ஒட்டினார்கள். கொத்தனார், சித்தாள், பிளம்பர் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். வேலை 14-ஆம் தேதி முடிந்தது. கட்டத்தில் எழுதவில்லை. பூச்சு காய விட்டு, திரும்ப நீலத் தண்ணீர் நிறுத்தி இறங்கவிட்டுப் பார்த்து, அப்புறம் மேல் வீட்டில் எல்லாரும் வழக்கம்போல் குளித்துக்கொண்டிருந்த நாள்களிலும் கீழே காய்ந்தே இருக்கிறது என்று அக்கா சொன்னது 27-ஆம் தேதி. 31-ஆம் எண்ணின் முடிந்த தேதி 27-10. மூன்று வரியும் சேர்த்து 6,350 ரூபாய், அதில் முதல் 1,550 வீண்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம்: ஒரே வீட்டில் ஒரே இடத்துக்கு இரண்டாவது "தொடர்ச்சி" விழுந்தால், பழுதுபார்க்க ஆள் அனுப்புவதில்லை. முதலில் காரணம் பார்க்க வேறு ஓர் ஆளை அனுப்பி, அந்தப் பார்வைக்கென்று தனியாகப் பணம் கொடுத்துவிடுகிறேன். பார்ப்பதற்குக் கூலி இல்லை, செய்தால்தான் கூலி என்றால் யாராக இருந்தாலும் எதையாவது செய்துவிட்டுத்தான் போவார்கள்.

இன்னொன்று, மேல் வீட்டுப் பாத்ரூமைக் கொத்த அங்கே குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டுமே. நம் வீடுதானே என்று திடீரென்று போய் நிற்கக்கூடாது. 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று வாடகைச் சட்டமே சொல்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, அனுப்பிய தேதியை J-யில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து H, யார் செலவு. வளவுகளில் சண்டை வருவது இங்கேதான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய்ப் பாதை மாற்றுவது, உள்ளும் வெளியும் ஒயரிங், இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், குழாய், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, வாஷ் பேசின், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

என் அபிப்பிராயம் வேண்டுமானால், வாஷருக்கும் குழாய்க்கும் வளவில் கறாராக இருக்க வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடத்தில் குழாயின் ஸ்பிண்டிலில் உப்புப் படிந்து அடிக்கடி இறுகும், அது குடியிருப்பவர் முரட்டுத்தனமாகத் திருகியதால் வந்தது அல்ல. பதிவேட்டில் வீடு வீடாகப் பார்த்தால் தெரியும்: போர் தண்ணீர் வரும் குழாய்களுக்கு மட்டும் வரிகள் குவிந்து, தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாய்களுக்கு ஒன்றிரண்டுதான் இருந்தால் காரணம் யாருடைய கையும் இல்லை.

H-இல் கடைசியாக யார் தலையில் விழுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்: "வீட்டுக்காரர்" அல்லது "குடியிருப்பவர்". அவசரத்துக்குக் குடியிருப்பவரே கையிலிருந்து கொடுத்திருந்தால் J-யில் "நவம்பர் வாடகையில் கழிக்க 1,200" என்று எழுதி, அதைக் கழிக்கிறவரை முடிந்த தேதி போடாதீர்கள். வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு, ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. பதிவேட்டில் இரண்டாம் நிலை வரி ஒன்று இரண்டு மாதமாகக் காலித் தேதியோடு நின்றால் அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஷீட்டில் ஒரு கூடுதல் கட்டம், K. எத்தனை நாளாக நிற்கிறது என்று அது காட்டும்:

```
=IF(B2="","",IF(I2="",TODAY(),I2)-B2)
```

இதைப் போட்டதும் எண்ணுக்குப் பதில் ஏதோ ஒரு தேதி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தின் வடிவத்தை Number என்று மாற்றினால் போதும். பெரிய தொல்லை வேறு. ஷீட்டின் Locale அமெரிக்கா என்று இருந்தால் 05-11 என்று நீங்கள் அடிப்பதை அது மே 11 என்று எடுத்துக்கொள்ளும். 18-11 என்று அடித்தால் பதினெட்டாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கலாம்: தேதியாக எடுத்தது கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக எடுத்தது இடது ஓரத்தில் நிற்கும். File, Settings போய் Locale-ஐ India ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால், முன்பே தவறாக எடுத்த தேதிகள் தானாகத் திருந்தாது.

செலவிலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. "1,200/-" என்றோ "850+டீ" என்றோ எழுதினால் அது எழுத்து, கூட்டலில் வராது, தப்பு என்றும் ஷீட் சொல்லாது. மொத்தம் மட்டும் குறைந்து காட்டும். G-யில் வெறும் எண், கூலி எவ்வளவு சாமான் எவ்வளவு என்ற பிரிவு J-யில். நாலாம் வீட்டுக்கு நம் கையிலிருந்து போனது எவ்வளவு என்று பார்க்க:

```
=SUMIFS(G:G,C:C,4,H:H,"வீட்டுக்காரர்")
```

இதற்கு C-யில் "வீடு 4" என்று இல்லாமல் 4 என்று மட்டும் இருக்க வேண்டும்.

ஆள் கட்டத்தில் பெயர், போன் நம்பர் எல்லாம் திணிக்க வேண்டாம். "பிளம்பர்", "எலக்ட்ரீஷியன்", "கொத்தனார்", "ஆசாரி" என்று வேலையின் பெயர் போதும். ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் "பிளம்பர் 2" என்று எழுதி, யார் எவர் என்பதையும் நம்பரையும் இரண்டாவது தாளில் வையுங்கள். அந்தத் தாளில் ஒவ்வொருவருக்கும் எதிரே ஒன்று மட்டும் அவ்வப்போது எழுதிவாருங்கள்: அவர் செய்த வரிகளில் எத்தனைக்குத் "தொடர்ச்சி" விழுந்தது. குறைந்த கூலி கேட்பவரா, கூட்டிக் கேட்பவரா என்பதைவிட இந்த எண்ணிக்கை உங்களுக்குச் சென்னையிலிருந்தே நிறையச் சொல்லும். வருவதாகச் சொன்ன தேதியையும் J-யில் எழுதிவையுங்கள், ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரமும் ஆனித் தேரோட்டச் சமயமும் சொன்ன தேதியை யாரிடமும் எதிர்பார்க்காதீர்கள். அந்த நாள்களில் 1 மட்டும் நடக்கும், 2 தள்ளிப்போகும்.

வேலை வாரியாகப் பிரித்து எழுதுவதற்கு இன்னொரு பயனும் உண்டு. பிளம்பர் ஏதோ ஒரு அவசர வேலைக்கு வளவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அவருக்காகக் காத்திருக்கும் எல்லா வரிகளையும் இன்னொரு தாளில் இழுத்துவிடலாம். உங்கள் பதிவேட்டுத் தாளின் பெயர் Log என்றால்:

```
=FILTER(Log!A2:J,Log!F2:F="பிளம்பர்",Log!I2:I="")
```

"பிளம்பர் 2" என்று எழுதிய வரிகள் இதில் வராது, அவருக்கென்று பெயரை மாற்றித் தனியாகப் போட வேண்டும். வந்த பட்டியலைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டால், ஆறாம் வீட்டு மிதவை, எட்டாம் வீட்டு ஃப்ளஷ், முற்றத்துக் குழாய் என்று மூன்றாம் நிலையில் கிடந்த எல்லாவற்றையும் அவர் ஒரே வரவில் முடித்துவாங்கிவிடுவார். கொத்தனாருக்கான பட்டியலை மட்டும் ஆவணி முதல் வாரத்தில் தனியாக எடுங்கள். மாடித் தட்டோடு, மழைநீர் இறங்கும் குழாய் வாய், சன்ஷேடு விரிசல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் மொத்தமாகப் பேசி, புரட்டாசி முடியுமுன் வேலையை வாங்கிவிடுங்கள். அந்த வரிகளில் செலவு எழுதலாம், முடிந்த தேதியை மட்டும் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் வீடு வீடாகக் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.